இழுப்பு பாதி, வளைவு மீதி

கேள்வி: ஐயா, "நீர் மூலக்கூறு ஏன் முனைவுற்றது?" என்ற கேள்விக்கு, "ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை ஹைட்ரஜனைவிட அதிகம் என்பதால்" என்று எழுதினேன். மூன்று மதிப்பெண்ணில் ஒன்றுதான் கிடைத்தது. கார்பன் டை ஆக்சைடிலும் இதே வேறுபாடு இருக்கிறதே, அது ஏன் முனைவற்றது என்று ஆசிரியர் கேட்டார், பதில் தெரியவில்லை. இந்த 3.44, 2.20 என்ற எண்களையெல்லாம் எதைக் கொண்டு அளந்தார்கள்? இன்னொன்று: ஓசோனும் முனைவுற்ற மூலக்கூறுதான் என்று தோழி அடித்துச் சொல்கிறாள். மூன்றும் ஆக்சிஜன் அணுக்களாக இருக்கும்போது அது எப்படி முடியும்?

— பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர்

பதில்: உங்கள் விடையில் தவறு ஒன்றும் இல்லை, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் எழுதியது O–H பிணைப்பு ஏன் முனைவுற்றது என்பதற்கான காரணம். கேட்கப்பட்டதோ மூலக்கூறைப் பற்றி. பிணைப்பிலிருந்து மூலக்கூறுக்கு வருவதற்கு இடையில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் நிற்பது மூலக்கூறின் வடிவம். ஆசிரியர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டியதும் அதற்காகத்தான்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாமல் 3.44 என்று எழுதுவது வெறும் மனப்பாடம்.

எலக்ட்ரான் கவர்தன்மையை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. தனித்து நிற்கும் அணுவுக்கு உரிய பண்பும் அல்ல அது. பிணைப்பில் இருக்கும்போது, பங்கிட்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன் என்பதே அதன் பொருள். பலர் இதை எலக்ட்ரான் நாட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். நாட்டம் என்பது தனி அணு ஒன்று ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல். அதை ஆய்வகத்தில் அளக்கலாம். குளோரினுக்கு அது மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. நாட்டத்தில் குளோரின் முந்துகிறது. கவர்தன்மையிலோ ஃபுளூரினை மிஞ்ச ஆளில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இப்படி நடக்காது.

சரி, நேரடியாக அளக்க முடியாததற்கு எண் எப்படிக் கொடுத்தார்கள்? 1932-இல் லைனஸ் பாலிங் பிணைப்பு ஆற்றல்களை வைத்து ஒரு வழி கண்டார். A–A, B–B ஆகிய இரண்டு பிணைப்புகளின் ஆற்றல் நமக்குத் தெரியும். A–B பிணைப்பில் எலக்ட்ரான்கள் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருந்தால், அதன் ஆற்றல் ஏறக்குறைய அந்த இரண்டின் சராசரியாக இருக்க வேண்டும். உண்மையில் பெரும்பாலும் அதைவிட அதிகமாக இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்வதால் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்சுமைகள் உண்டாகின்றன. அவை ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைப்பை இன்னும் உறுதியாக்குகின்றன. அந்த உபரி ஆற்றலே சாய்வின் அளவு என்று எடுத்துக்கொண்டார் பாலிங்.

ஹைட்ரஜன் குளோரைடை வைத்துப் போட்டுப் பாருங்கள். மோலுக்குக் கிலோஜூலில் H–H பிணைப்பின் ஆற்றல் 436, Cl–Cl பிணைப்பின் ஆற்றல் 242. சராசரி 339. ஆனால் H–Cl பிணைப்பை முறிக்க உண்மையில் 431 தேவைப்படுகிறது. உபரி 92. இதை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்ற 96.5-ஆல் வகுத்தால் 0.95, அதன் வர்க்கமூலம் 0.98. அட்டவணையில் குளோரினுக்கு 3.16, ஹைட்ரஜனுக்கு 2.20, வேறுபாடு 0.96. நான்கு வரிக் கணக்கில் அட்டவணைக்கு இவ்வளவு அருகில் வந்துவிடுகிறோம்.

இதில் கிடைப்பது வேறுபாடு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். எங்காவது ஓர் அணுவுக்கு ஓர் எண்ணை நாமாகவே நிறுத்தி வைத்தால்தான் மற்றவை வரிசையாக அமையும். ஹைட்ரஜனுக்கு 2.20 என்பது அப்படி நிறுத்திய எண். சில புத்தகங்களில் ஹைட்ரஜன் 2.1, ஆக்சிஜன் 3.5 என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது பழைய பட்டியல். எந்தப் பட்டியலை எடுத்தாலும் இரண்டு எண்களையும் அதிலிருந்தே எடுங்கள்.

இதே கணக்கை O–H பிணைப்புக்குப் போடும்போது மாணவர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. ஆக்சிஜன் வாயுவின் பிணைப்பு ஆற்றல் 498 என்று எடுத்துப் போடுவார்கள். 436-க்கும் 498-க்கும் சராசரி 467. O–H பிணைப்பின் ஆற்றலோ 463. உபரி எதிர்க்குறியில் வருகிறது. வர்க்கமூலம் எடுக்க வழியில்லை. காரணம் எளிது: ஆக்சிஜன் வாயுவில் இருப்பது இரட்டைப் பிணைப்பு, O–H ஒற்றைப் பிணைப்பு. ஒற்றையை ஒற்றையோடுதான் ஒப்பிட வேண்டும். O–O ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 142. அதை எடுத்தால் சராசரி 289, உபரி 174, விடை 1.34. அட்டவணை தரும் வேறுபாடு 1.24. குளோரினுக்குப் பொருந்தியதைப் போல அச்சாகப் பொருந்தவில்லை. அட்டவணை எண்கள் ஒரே ஒரு சேர்மத்திலிருந்து எடுத்தவை அல்ல. பல சேர்மங்களுக்கும் ஒருசேரப் பொருந்துமாறு சரிசெய்யப்பட்டவை. ஆகவே தனித்தனியாகப் பார்க்கும்போது இந்த அளவு விலகல் வரத்தான் செய்யும். இரண்டாம் தசம இடத்துக்கு அதிக மரியாதை தர வேண்டியதில்லை.

ஆக்சிஜன் ஏன் இவ்வளவு இழுக்கிறது? அதன் அணுக்கருவில் 8 புரோட்டான்கள். வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களுக்கும் கருவுக்கும் நடுவே மறைப்பாக இருப்பவை உள்கூட்டின் இரண்டே எலக்ட்ரான்கள். வெளிக்கூடும் இரண்டாவது கூடுதான். கருவுக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருக்கும் பெரிய மின்சுமை, குறைவான மறைப்பு: இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 3.44. அதே தொகுதியில் ஒரு படி கீழே உள்ள கந்தகத்துக்கு வெளிக்கூடு மூன்றாவது கூடு. தொலைவு கூடுகிறது, மறைக்கும் எலக்ட்ரான்களும் கூடுகின்றன. கவர்தன்மை 2.58-க்கு இறங்கிவிடுகிறது. இந்தக் கந்தகம் பிறகு ஓரிடத்தில் தேவைப்படும்.

இப்போது நீருக்கு வருவோம். O–H பிணைப்பில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்கின்றன. ஆக்சிஜன் சற்று எதிர்மின்சுமை பெறுகிறது, ஹைட்ரஜன் சற்று நேர்மின்சுமை பெறுகிறது. இந்தச் "சற்று" எவ்வளவு என்று பெரும்பாலான வகுப்புகளில் சொல்வதில்லை. δ+, δ− என்று குறியிட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் எலக்ட்ரான் முழுதாக ஆக்சிஜனிடம் போய்விட்டது என்றே பலர் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அப்படிப் போயிருந்தால் அது அயனிப் பிணைப்பு ஆகியிருக்கும்.

அளவைக் கண்டுபிடிக்க இருமுனைத் திருப்புத்திறன் உதவுகிறது. மின்சுமையை இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவது அது. அலகு டிபை; D என்று குறிக்கிறோம். ஓர் எலக்ட்ரானின் முழு மின்சுமை ஓர் ஆங்ஸ்ட்ராம் தூரம் பிரிந்து நின்றால் 4.80 D. O–H பிணைப்பின் நீளம் 0.958 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் முழுதாக இடம் மாறியிருந்தால் ஒரு பிணைப்புக்கு 4.60 D இருக்க வேண்டும். O–H பிணைப்புக்குச் சொல்லப்படும் மதிப்பு 1.51 D. 1.51-ஐ 4.60-ஆல் வகுத்தால் 0.33. ஆக, ஒவ்வொரு ஹைட்ரஜனிலும் எலக்ட்ரான் மின்சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேர்மின்சுமை. இரண்டு ஹைட்ரஜன்களும் இழந்தது சேர்ந்து ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எதிர்மின்சுமை. ஆக்சிஜனில் δ− என்று எழுதாமல் 2δ− என்று எழுதும்படி சில ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

இதுவரை சொன்னது எல்லாம் பிணைப்பின் கதை. கார்பன் டை ஆக்சைடுக்கும் இதே கதைதான். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே கவர்தன்மை வேறுபாடு 0.89, அங்கேயும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் நன்றாகவே சாய்கின்றன. ஆனால் மூலக்கூறின் மொத்தத் திருப்புத்திறன் பூஜ்யம். இங்கேதான் நீங்கள் விட்ட படி வருகிறது.

திருப்புத்திறனுக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. அது ஒரு வெக்டர். இரண்டு வெக்டர்களைக் கூட்டும்போது அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தை விட்டுவிட்டுக் கூட்ட முடியாது. சம அளவுள்ள இரண்டு வெக்டர்களுக்கு விதி சுலபமானது: ஒன்றின் அளவை இரண்டால் பெருக்கி, பாதிக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நேர்கோட்டில் இருக்கிறது. கோணம் 180 பாகை. பாதிக் கோணம் 90, அதன் கொசைன் பூஜ்யம். ஒவ்வொரு பிணைப்பும் எவ்வளவு முனைவுற்றிருந்தாலும் இந்தப் பூஜ்யத்தைத் தாண்ட முடியாது. வலப்பக்க ஆக்சிஜன் இழுப்பதை இடப்பக்க ஆக்சிஜன் முழுதாக ஈடுகட்டிவிடுகிறது.

நீரின் கோணம் 104.5 பாகை. பாதி 52.25, அதன் கொசைன் 0.612.

2 × 1.51 × 0.612 = 1.85 D

நீராவியில் சோதனை மூலம் அளந்து கண்ட மதிப்பும் 1.85 D தான். இதைப் பார்த்து வியந்துவிடாதீர்கள். இதில் ஒரு சுற்று இருக்கிறது. ஒரு தனி O–H பிணைப்பின் 1.51-ஐ யாரும் பிரித்தெடுத்து அளக்கவில்லை. 1.85-ஐயும் கோணத்தையும் சோதனையில் கண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிரித்த எண் அது. ஆக, மேலே உள்ள கணக்கு நீரைப் பற்றிய கணிப்பு அல்ல. கோணம் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அது உதவுகிறது. அந்த வகையில் மிகவும் பயன்படும். 1.51-ஐ மாற்றாமல் கோணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 90 பாகையாக இருந்தால் 2.14 D. 120 ஆக இருந்தால் 1.51. 150-க்குப் போனால் 0.78. 180-இல் பூஜ்யம். ஆக்சிஜனின் கவர்தன்மை இந்த நான்கு நிலைகளிலும் அதே 3.44 தான். உங்களுக்குக் குறைந்த இரண்டு மதிப்பெண்ணும் இந்த வரியில்தான் இருக்கிறது.

நீர் ஏன் வளைந்திருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் பாடத்தில் இது விரிவாகவே இருக்கும். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன்களின் இரண்டையும் சேர்த்தால் எட்டு, அதாவது நான்கு இரட்டைகள். இரண்டு இரட்டைகள் பிணைப்பில் ஈடுபட்டவை, இரண்டு தனித்த இரட்டைகள். நான்கும் ஒன்றையொன்று விலக்கி, நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கப் பார்க்கின்றன. அந்தக் கோணம் 109.5 பாகை. தனித்த இரட்டைகள் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் O–H பிணைப்புகள் சற்று நெருக்கப்பட்டு 104.5-க்கு வந்துவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடில் நடு அணுவான கார்பனிடம் தனித்த இரட்டை எதுவும் இல்லை. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் மட்டுமே. அவை எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கின்றன.

விடைத்தாளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று. புள்ளி அமைப்பு வரையும்போது H, O, H மூன்றையும் ஒரே கோட்டில் எழுதி, ஆக்சிஜனுக்கு மேலே ஓர் இரட்டை, கீழே ஓர் இரட்டை என்று புள்ளி வைப்பார்கள். எலக்ட்ரான்களை எண்ணிக் காட்டுவதற்கு அந்தப் படம் போதும். ஆனால் அதே படத்தின்மேல் முனைவு அம்புகளையும் போட்டுவிடுவார்கள். அந்தப் படத்தை நம்பினால் நீர் முனைவற்றது என்றல்லவா ஆகிறது! இருமுனையைப் பற்றிய விடையில் ஆக்சிஜனை மேலே வைத்து, இரண்டு ஹைட்ரஜன்களையும் கீழே சாய்த்து வரையுங்கள், கோணத்தையும் எழுதுங்கள்.

அம்பைப் பற்றியும் ஒரு சொல். வேதியியல் புத்தகங்களில் முனைவு அம்பு நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகும். வால் பக்கம் ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். இயற்பியல் புத்தகத்தில் இருமுனைத் திருப்புத்திறனின் திசை எதிர்மின்சுமையிலிருந்து நேர்மின்சுமைக்கு. இரண்டு தேர்வையும் அடுத்தடுத்த நாள்களில் எழுதுபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. குறுக்குக் கோடு போட்ட அம்பு என்றால் அதன் வால் ஹைட்ரஜன் பக்கம் என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வடிவத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதால், வடிவமே எல்லாம் என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. மேலே விட்டு வந்த கந்தகம் இங்கே தேவைப்படுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரைப் போலவே வளைந்த மூலக்கூறு. அதன் கோணம் 92 பாகை. நீரைவிடக் கூடுதல் வளைவு. கோணம் மட்டுமே தீர்மானிப்பதாக இருந்தால் அது நீரைவிட அதிக முனைவுற்றிருக்க வேண்டும். ஆனால் அதன் திருப்புத்திறன் 0.97 D, நீரில் ஏறக்குறைய பாதி. கந்தகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் கவர்தன்மை வேறுபாடு வெறும் 0.38 என்பதே காரணம். இழுப்பு இருந்தும் வளைவு இல்லாதது கார்பன் டை ஆக்சைடு. வளைவு இருந்தும் இழுப்பு குறைந்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நீரில் இரண்டும் சேர்ந்து அமைந்திருக்கின்றன.

நீர் வளைந்துதான் இருக்கிறது என்பதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பள்ளிகளில் வழக்கமாகக் காட்டுவது, உரசி மின்னேற்றிய பிளாஸ்டிக் குச்சியைக் குழாயிலிருந்து மெல்லியதாக விழும் நீர்த்தாரையின் அருகே கொண்டு போவது. தாரை குச்சியை நோக்கி வளையும். "பார்த்தீர்களா, நீர் முனைவுற்றது" என்று முடிப்பார்கள். எனக்கு இந்தச் செயல்விளக்கத்தில் உடன்பாடு இல்லை. ஒரு மூலக்கூறின் எதிர்முனை ஈர்க்கப்படும்போது அதன் நேர்முனை ஏறக்குறைய அதே அளவு விலக்கப்படுகிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு. அந்தத் தூரத்தில் குச்சியின் மின்புலம் மாறும் அளவு அற்பம். ஆகவே மிஞ்சும் விசையும் மிகச் சிறியது. தாரை அவ்வளவு வளைவதற்கு முக்கியக் காரணம், நீரில் கரைந்திருக்கும் அயனிகள் நகர்ந்து, தாரையிலேயே எதிர்க்குறி மின்சுமை தூண்டப்படுவது. தாரை வளைவதை வைத்து மூலக்கூறின் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நம்பத்தக்க சான்று பீட்டர் டிபை 1912-இல் முன்வைத்த கருத்திலிருந்து வருகிறது. D என்ற அலகு அவர் பெயரில் அமைந்ததுதான். ஒரு மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே வாயுவை நிரப்பினால் மின்தேக்குத்திறன் சற்றுக் கூடும். எந்த வாயுவானாலும் மின்புலம் அதன் எலக்ட்ரான் மேகத்தைச் சற்று நகர்த்துவதால் ஒரு பங்கு கூடும். இந்தப் பங்குக்கு வெப்பநிலையைப் பற்றிக் கவலை இல்லை. நிரந்தர இருமுனை உள்ள மூலக்கூறுகளானால், அவை மின்புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்க முயல்வதால் இன்னொரு பங்கு சேரும். வாயுவைச் சூடாக்கினால் மூலக்கூறுகளின் மோதலும் சுழற்சியும் மிகுந்து அந்த ஒழுங்கு கலையும். அந்தப் பங்கு குறையும். ஆக, வெப்பநிலையை மாற்றி ஒவ்வொரு மூலக்கூறின் பங்கையும் கணக்கிட்டால் போதும். கார்பன் டை ஆக்சைடில் அது மாறுவதில்லை. நீராவியில் வெப்பநிலை ஏற ஏற இறங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதிலிருந்து 1.85 D என்ற அளவே கிடைத்துவிடும். நேர்கோட்டில் அமைந்த H–O–H மூலக்கூறு இப்படி நடந்துகொள்ள வழியே இல்லை. மூலக்கூறின் படத்தை யாரும் பார்க்காத காலத்திலேயே, மின்தேக்கியும் வெப்பநிலைமானியும் கொண்டு நீர் வளைந்தது என்று சொல்ல முடிந்தது.

இனி உங்கள் தோழியின் ஓசோன். அவர் சொல்வது சரி. ஓசோனின் திருப்புத்திறன் 0.53 D. நீரோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் பூஜ்யம் இல்லை.

கவர்தன்மை வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இதை விளக்கவே முடியாது. மூன்றும் ஒரே தனிமம், வேறுபாடு பூஜ்யம். ஆனால் ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒரே சூழலில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓசோனில் நடு அணுவுக்கு இரண்டு அண்டை அணுக்கள், ஓர அணுக்களுக்கு ஒன்றுதான். அமைப்பை வரைந்து எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். நடு ஆக்சிஜன் ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பும் மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பும் கொண்டு, ஒரு தனித்த இரட்டையோடு நிற்கிறது. தனக்கென்று கணக்கில் வருபவை ஐந்து எலக்ட்ரான்கள். இருக்க வேண்டியவை ஆறு. முறைசார் மின்சுமை +1. ஒற்றைப் பிணைப்பில் உள்ள ஓர அணுவுக்கு ஏழு, அதாவது −1. இரட்டைப் பிணைப்பு இடப்பக்கம் இருப்பதாகவும் வரையலாம், வலப்பக்கம் இருப்பதாகவும் வரையலாம். உண்மையான அமைப்பு இரண்டுக்கும் பொதுவானது. எனவே அந்த −1 இரண்டு ஓரங்களுக்கும் பாதிப் பாதியாகப் பகிரப்படுகிறது. நடுவில் நேர், ஓரங்களில் எதிர். நடு அணுவில் தனித்த இரட்டை இருப்பதால் மூலக்கூறு வளைந்திருக்கிறது. கோணம் ஏறத்தாழ 117 பாகை. இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று அழிக்க முடியாமல் மிச்சம் நிற்கிறது.

+1, −½ என்ற எண்களை அப்படியே வைத்துத் திருப்புத்திறனைக் கணக்கிட வேண்டாம், 0.53-ஐவிடப் பல மடங்கு பெரிய விடை வரும். முறைசார் மின்சுமை என்பது, பங்கிட்ட எலக்ட்ரான்களை ஆளுக்குப் பாதி என்று பிரித்து எண்ணும் ஒரு கணக்குமுறை. சாய்வு எந்தப் பக்கம் என்று அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. நடு அணுவின் தனித்த இரட்டை எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டு நின்று, இந்தச் சாய்வின் ஒரு பகுதியை ஈடுகட்டவும் செய்கிறது.

தனித்த இரட்டை என்றதும் நீரில் நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிட வேண்டும். நீரின் 1.85 D முழுவதும் O–H பிணைப்புகளால் மட்டும் வந்ததல்ல. ஆக்சிஜனின் இரண்டு தனித்த இரட்டைகளும் ஹைட்ரஜன்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றன. அவை எலக்ட்ரான் மிகுந்த பகுதிகள். அவற்றின் பங்கும் அதே திசையில் சேர்கிறது. நாம் 1.51 என்று எடுத்துக்கொண்டதில் அந்தப் பங்கும் கலந்திருக்கிறது. மூலக்கூறில் உள்ள மின்சுமையை இது பிணைப்புக்கு, அது தனித்த இரட்டைக்கு என்று பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. ஆகவே அந்த 0.33-ஐயும் தோராயம் என்றே கொள்ளுங்கள்.

இந்தப் பங்கு எவ்வளவு பெரிது என்பதை ஆக்சிஜன் டைஃபுளூரைடு, OF₂, காட்டிக்கொடுக்கிறது. அதுவும் வளைந்ததுதான், கோணம் 103 பாகை, கிட்டத்தட்ட நீரின் கோணம். ஃபுளூரின் ஆக்சிஜனைவிட 0.54 அதிகமாக இழுக்கிறது. இருந்தும் திருப்புத்திறன் வெறும் 0.30 D. ஹைட்ரஜன் சல்ஃபைடில் வேறுபாடு இதைவிடக் குறைவு, அங்கேயே 0.97 இருந்தது. இங்கே பிணைப்பு எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை விட்டு ஃபுளூரின் பக்கம் சாய்கின்றன. ஆக்சிஜனின் தனித்த இரட்டைகளோ எதிர்ப்பக்கம் நிற்கின்றன. நீரில் ஒரே பக்கம் சேர்ந்த இரண்டு பங்குகளும் இங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

இனி இதே கேள்வி வந்தால் மூன்று மதிப்பெண்ணுக்கு நான் எதிர்பார்க்கும் விடை இது: "ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை (3.44) ஹைட்ரஜனைவிட (2.20) அதிகம் என்பதால் ஒவ்வொரு O–H பிணைப்பும் முனைவுற்றது. ஆக்சிஜனின் இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகளால் மூலக்கூறு 104.5° கோணத்தில் வளைந்துள்ளது. ஆகவே இரு பிணைப்புகளின் திருப்புத்திறன்களும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடி, 1.85 D என்ற நிகரத் திருப்புத்திறனைத் தருகின்றன." கூடவே வளைந்த படம், 2δ−, δ+ குறிகள். OF₂, ஓசோன் இரண்டையும் அங்கே எழுத வேண்டாம். அவற்றைத் தோழியிடம் விவாதிக்க வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கந்தக டை ஆக்சைடு முனைவுற்றதா என்றும் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடைப் போலவே எழுதப்படும் வாய்பாடுதான். ஆனால் கந்தகத்தின்மேல் தனித்த இரட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது.